கம்யூனிட்டி காலேஜ்ல பாஸ் பண்ணின நாலு கோர்ஸ், யுனிவர்சிட்டி கணக்குல ஏறல. ஏன்?

பே ஏரியா அப்பா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது கலிபோர்னியாவுல. பையன் ரெண்டரை வருஷம் பக்கத்து கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சான். அது குவார்ட்டர் முறை, கோடையை விட்டா வருஷத்துக்கு மூணு பருவம். மொத்தம் 96 குவார்ட்டர் யூனிட், ஒண்ணுல கூட பெயில் இல்லை. இப்போ கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியோட, அதாவது சி.எஸ்.யு.வோட ஒரு கேம்பஸ்ல கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இடம் கிடைச்சிருக்கு. அது செமஸ்டர் முறை, வருஷத்துக்கு ரெண்டு பருவம்.

நேத்து அவனோட கிரெடிட் மதிப்பீடு வந்தது. 96ஐ 1.5ஆல வகுத்து 64 செமஸ்டர் யூனிட்னு போட்டிருக்காங்க, அது சரி. பட்டத்துக்கு 120 வேணும். அப்படின்னா மீதி 56தானே? ஆனா பட்டத் திட்டத்தைத் திறந்து பார்த்தா இன்னும் ஏறக்குறைய 68 யூனிட் படிக்கணும்னு காட்டுது. வித்தியாசம் பெரும்பாலும் ஒரு செமஸ்டர் அளவு. அதாவது அரை வருஷ பீஸும் வாடகையும்.

தேடிப் பார்த்ததுல நாலு கோர்ஸ் ‘எலெக்டிவ்’ங்கற மூலையில கிடக்கு, மேஜர்ல எங்கயுமே உட்காரல. கால்குலஸ் வரிசையில ரெண்டாவதா வர்ற B (5 யூனிட்), பைத்தான் அறிமுகம் (4.5), டேட்டாபேஸ் (4.5), லினக்ஸ் நிர்வாகம் (4.5). நாலுலயும் A இல்லைன்னா B கிரேடு. கஷ்டப்பட்டுப் படிச்ச பையன், நேத்து ராத்திரி சாப்பிடாமலேயே படுத்துட்டான். நல்ல கிரேடு வாங்கியும் ஏன் தள்ளறாங்க? சண்டை போட்டா கிடைக்குமா?

சுந்தர் சான்டியகோ

சார், இது அநியாயம். அங்கீகாரம் பெற்ற காலேஜ்ல எடுத்த கிரெடிட்டை அரசு யுனிவர்சிட்டி மறுக்கவே முடியாது. அட்மிஷன் ஆபீஸுக்கு நேரா போய் சூப்பர்வைசரைக் கேளுங்க. இன்னொண்ணு, 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல கம்யூனிட்டி காலேஜ்ல எடுத்தா எல்லாமே வீண். உங்க பையன் 64ல நிறுத்தினதே நல்லது, இனிமே அங்க ஒரு கோர்ஸ்கூட எடுக்க விடாதீங்க.

ஊர்க்குருவி

இந்தியாவுல இப்போ இதுக்குத்தான் ஏ.பி.சி., அதாவது அகாடமிக் பேங்க் ஆப் கிரெடிட்ஸ் வந்திருக்கே அண்ணா? 2021ல யு.ஜி.சி. கொண்டு வந்தது. கிரெடிட் எல்லாம் வங்கிக் கணக்கு மாதிரி சேர்ந்துடும், ஒரு காலேஜ்ல இருந்து இன்னொண்ணுக்கு எடுத்துட்டுப் போலாம். என் தம்பி பொண்ணுக்குக்கூட அந்த 12 இலக்க எண் வந்துடுச்சு. அங்க அப்படி ஒண்ணு இல்லையா?

தாமரை

இந்த வேலையை நான் 12 வருஷம் செஞ்சிருக்கேன், ஒரு யுனிவர்சிட்டியில வெளியூர் டிரான்ஸ்கிரிப்ட் பார்க்கிற மேஜையில. அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு. உங்க பையனோட கோர்ஸை யாரும் தள்ளல. 64 யூனிட்டும் ஏறிடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு கோர்ஸுக்கு ரெண்டு வாசல் இருக்கு. முதல் வாசல்ல கேக்கற கேள்வி, இது பட்டப்படிப்புத் தரத்துல உள்ள கோர்ஸா, யூனிட் கொடுக்கலாமா? அதை அட்மிஷன் பக்கம் பார்க்கும். ரெண்டாவது வாசல்ல கேக்கறது, இது எங்க பட்டத்துல எந்தக் கோர்ஸுக்குப் பதிலா நிக்கும்? அதைத் துறையில உள்ள பேராசிரியர்கள்தான் சொல்லணும். நாலு கோர்ஸும் முதல் வாசலைத் தாண்டி ரெண்டாவதுல நின்னுடுச்சு. பெத்தவங்க நினைக்கிறது முதல் வாசலை மட்டும்தான். பணமும் காலமும் போறது ரெண்டாவதுல.

சுந்தர் சார், அங்கீகாரம் முதல் வாசலைத்தான் திறக்கும். அது இல்லைன்னா பேச்சே கிடையாது, இருந்தா பேச்சு ஆரம்பிக்கும், அவ்வளவுதான். 70 பத்தி நீங்க சொன்னதும் பாதி சரி. கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து 70 செமஸ்டர் யூனிட் வரைக்கும்தான் பட்டக் கணக்குல சேரும். ஆனா அதுக்கு மேல எடுத்த கோர்ஸோட பாடம் செல்லும். அதாவது மேஜர்ல ஒரு தேவையை நிறைவேத்தினதா எடுத்துப்பாங்க, யூனிட் எண்ணிக்கை மட்டும் கூடாது. அந்த வித்தியாசம் இவர் பையனுக்கு முக்கியமாகும், பின்னால வர்றேன்.

ஊர்க்குருவி, நீங்க சொல்ற ஏ.பி.சி.யும் இதே மாதிரிதான். அது கிரெடிட்டைச் சேர்த்து வைக்கிற இடம். சேர்த்து வச்சதை எந்தப் பட்டத்துல எந்தப் பேப்பருக்குப் பதிலா ஏத்துக்கணும்ங்கற முடிவு, பட்டம் கொடுக்கற நிறுவனத்துக்கிட்டதான் இருக்கு.

அப்பா, உங்ககிட்ட மூணு கேள்வி. பொதுக்கல்விப் பாடங்கள், அதாவது ஆங்கிலம், வரலாறு எல்லாம் சரியா ஏறிடுச்சா? அதுக்கான ஐகெட்சி சான்றிதழைக் காலேஜ் தனியா அனுப்பினாங்களா? கால்குலஸ்ல பையன் எதுவரைக்கும் முடிச்சான்?

பே ஏரியா அப்பா

ரொம்ப நன்றி மேடம். ஐகெட்சி அனுப்பிட்டாங்க. அது தானா போகாது, கேட்டு வாங்கணும்னு கவுன்சிலர் சொன்னதால பையனே விண்ணப்பம் போட்டான். பொதுக்கல்வி முழுசா பச்சை டிக்.

கால்குலஸ் A, B முடிச்சான். வரிசையில A, B, C, D நாலு இருக்கு. மீதியை யுனிவர்சிட்டியில எடுத்துக்கலாம், அங்கயும் கால்குலஸ் இருக்கேன்னு நான்தான் சொன்னேன்.

தாமரை

பொதுக்கல்வி தப்பிச்சது பெரிய விஷயம். அந்தச் சான்றிதழைக் கேக்காம வர்ற பிள்ளைங்களை நிறையப் பார்த்திருக்கேன். அப்போ கேம்பஸோட சொந்தப் பொதுக்கல்விப் பட்டியல்படி ஒவ்வொரு கோர்ஸையும் தனித்தனியா பார்ப்போம், ரெண்டு மூணு விழுந்துடும். (2025 இலையுதிர்ல இருந்து புதுசா சேர்றவங்களுக்கு கால்-கெட்சின்னு ஒரே பட்டியல். உங்க பையன் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதால பழையது செல்லும்.)

கால்குலஸ்தான் இங்க உண்மையான இழப்பு. அதேசமயம் மீட்கக்கூடிய இழப்பும் அதுதான். எந்தக் காலேஜ் கோர்ஸ் எந்த யுனிவர்சிட்டி கோர்ஸுக்கு ஈடுன்னு ரெண்டு பக்கமும் ஒப்புக்கிட்டதைக் காட்டற தளம் assist.org. அங்க போய், இடது பக்கம் உங்க காலேஜ், வலது பக்கம் யுனிவர்சிட்டி, மேஜர் கம்ப்யூட்டர் சயன்ஸ்னு வச்சுப் பாருங்க. கால்குலஸ் வரியில என்ன எழுதியிருக்குன்னு அப்படியே இங்க சொல்லுங்க.

பே ஏரியா அப்பா

பார்த்தேன். யுனிவர்சிட்டி கால்குலஸ் ஒண்ணுக்கு எதிர்ல எங்க A. கால்குலஸ் ரெண்டுக்கு எதிர்ல B, நடுவுல `AND`, அப்புறம் C. கால்குலஸ் மூணுக்கு எதிர்ல C `AND` D.

பைத்தான் எந்த வரியிலயும் இல்லை. முதல் புரோகிராமிங் கோர்ஸுக்கு எதிர்ல சி++ கோர்ஸ் இருக்கு. டேட்டாபேஸ் வரியில `No Course Articulated`, அதாவது ஈடான கோர்ஸ் இல்லைன்னு இருக்கு. லினக்ஸ் பேரே காணோம்.

இந்தப் பக்கத்தை ரெண்டு வருஷம் முன்னாடியே பார்த்திருக்கணும் மேடம். இப்படி ஒரு பக்கம் இருக்கறதே எனக்குத் தெரியாது.

கணக்கு டீச்சர்

நான் கம்யூனிட்டி காலேஜ்ல பகுதி நேரமா கால்குலஸ் எடுக்கறேன். அந்த `AND` ஏன் அங்க இருக்குன்னு நான் சொல்றேன்.

செமஸ்டர் யுனிவர்சிட்டி மொத்தக் கால்குலஸையும் மூணாப் பிரிச்சு நடத்துது. குவார்ட்டர் காலேஜ் அதையே நாலாப் பிரிக்குது. ஒரே வாழையிலையை ஒருத்தர் மூணாவும் இன்னொருத்தர் நாலாவும் நறுக்கினா, வெட்டு விழற இடம் ஒத்துப் போகாது இல்லையா? எங்க A முழுக்க வகையிடல். B தொகையிடலும் அதோட முறைகளும். முடிவிலாத் தொடர் C-யிலதான் வருது, அதோட வெக்டாரும். D பல மாறிகள். யுனிவர்சிட்டியோட கால்குலஸ் ரெண்டுல தொகையிடல் முறையும் தொடரும் சேர்ந்தே இருக்கு. அதனால B மட்டும் முடிச்ச பையன் அவங்க கணக்குல பாதி தூரத்துல நிக்கறான். பாதிக் கோர்ஸுன்னு ஒண்ணு கிடையாதே, அதனால பூஜ்யம்.

இதை வீம்புன்னு நினைக்காதீங்க. தொடர் தெரியாம அடுத்த வகுப்புக்குப் போனா, வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு டெய்லர் தொடர் வச்சுத் தீர்வு எழுதச் சொல்ற வாரத்துல பிள்ளை முழிக்கும். அப்படி முழிச்சுட்டு என்கிட்ட திரும்பி வந்த மாணவர்கள் உண்டு.

வரிசையா வர்ற எந்தப் பாடத்தையும் நடுவுல விட்டுட்டு மாறாதீங்கன்னு என் வகுப்புல முதல் நாளே சொல்லுவேன். கணக்கு மட்டும் இல்லை, பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாத்துக்கும் இதேதான்.

தாமரை

டீச்சர் சொன்னதுல இருந்தே வழி வருது. அப்பா, பையன் இந்தக் கோடையில பழைய காலேஜ்லயே C எடுக்கட்டும். பாஸ் பண்ணினதும் B-யும் C-யும் ஜோடி சேர்ந்து கால்குலஸ் ரெண்டா மாறிடும். பெட்டிஷன் வேண்டாம், யார் கையெழுத்தும் வேண்டாம், assist.org-ல இருக்கற ஒப்பந்தமே போதும். புது டிரான்ஸ்கிரிப்டை மட்டும் அனுப்பணும்.

கணக்கையும் பார்த்துடுவோம். இப்போ 64. C சேர்ந்தா 5 குவார்ட்டர் யூனிட், அதாவது 3.33. மொத்தம் 67.33, 70க்குள்ள இருக்கு. பின்னால எப்பவாவது D-யும் அங்கயே எடுத்தா 70.67. அந்த 0.67 யூனிட் எண்ணிக்கையில விழுந்துடும், ஆனா C-யும் D-யும் சேர்ந்து கால்குலஸ் மூணு முடிஞ்சதா ஏத்துப்பாங்க. சுந்தர் சார் சொன்ன மாதிரி பயந்து நிறுத்திட்டா, அந்த B காலத்துக்கும் எலெக்டிவ் மூலையிலயே கிடக்கும்.

சுந்தர் சான்டியகோ

சரி மேடம், 70 விஷயத்துல நான் தெரிஞ்சுக்கிட்டது தப்புதான். ஆனா பைத்தான்? அதுவும் புரோகிராமிங்தான், சி++ம் புரோகிராமிங்தான். ஆபீஸ்ல ஒரே ஆள் ரெண்டுலயும் எழுதறான். இதை மறுக்கறது வேணும்னே பண்றதுதானே?

தாமரை

மொழிப் பேரை வச்சு மட்டும் நாங்க முடிவு செய்யறது இல்லை. என் மேஜையில ரெண்டு திரை இருக்கும். இடது பக்கம் டிரான்ஸ்கிரிப்ட், வலது பக்கம் அந்தக் காலேஜ் அதிகாரப்பூர்வமா வச்சிருக்கற பாடத்திட்ட ஆவணம். அதுல முதல்ல என் கண்ணு போறது, இந்தக் கோர்ஸுக்கு முன்னாடி என்ன படிச்சிருக்கணும்ங்கற வரிக்கு. எதுவும் வேண்டாம்னு இருந்தா அது பொதுவா எல்லாருக்குமான அறிமுகம். அப்புறம் வாரவாரியா தலைப்புகள், அப்புறம் லேப் மணிநேரம். தலைப்பு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள வேற இருக்கும்.

துறை கேக்கற கேள்வி இதுதான்: இதை முடிச்ச பிள்ளை, எங்க அடுத்த கோர்ஸுல முதல் வாரமே உட்கார முடியுமா? அவங்க டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பு சி++ல நடந்தா, பாயிண்டரும் மெமரி ஒதுக்கறதும் தெரிஞ்சிருக்கணும். பைத்தான் அறிமுகத்துல அது வராது. உங்க ஆபீஸ் ஆளுக்குத் தெரியும், முதல் வருஷப் பையனுக்குத் தெரியாது.

ஆனா துறை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. பைத்தான்லயே ஆரம்பிக்கற துறையும் இருக்கு. அங்க போயிருந்தா இதே கோர்ஸ் கேள்வி இல்லாம உட்கார்ந்திருக்கும். அதனாலதான் ஒரு கோர்ஸ் ‘செல்லுமா’ன்னு பொதுவா கேட்டா பதில் இல்லை, எங்க, எந்த மேஜருக்குன்னு கேக்கணும்.

இரண்டாம் இன்னிங்ஸ்

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். என் கதை கொஞ்சம் வேற. நான் தமிழ்நாட்டுல பி.எஸ்சி. கணிதம், மூணு வருஷப் படிப்பு. இங்க வந்து குழந்தைங்க பெரிசானதுக்கு அப்புறம் நர்சிங் பக்கம் போலாம்னு கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்தேன். மார்க்‌ஷீட்டை எல்லாம் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பேப்பர் பேப்பரா யூனிட் போட்டு வாங்கினேன். நல்லாவே செலவாச்சு. காலேஜ் கொஞ்சம் ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் நாலு வருஷப் படிப்புக்கு யுனிவர்சிட்டியில கேட்டா, காலேஜ் ஏத்துக்கிட்டது எங்களுக்குப் பொருந்தாது, நாங்க மறுபடி முதல்ல இருந்து பார்ப்போம்னு சொல்லிட்டாங்க.

ரொம்ப வருத்தப்பட்டது ஆங்கிலத்துக்குத்தான். ஊர்ல நாலு பேப்பர் ஆங்கிலம் எழுதியிருக்கேன், ஷேக்ஸ்பியர்கூடப் படிச்சேன். ஒண்ணுகூட இங்க உள்ள எழுத்துப் பயிற்சிக் கோர்ஸுக்கு ஈடாகல. 42 வயசுல முதல் வருஷப் பிள்ளைங்களோட உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். இது ஏன்னு யாராவது சொல்ல முடியுமா?

தாமரை

நீங்க படிச்சது ஆங்கில இலக்கியம், இவங்க கேக்கறது வாதம் வச்சுக் கட்டுரை எழுதி, ஆதாரம் காட்டி, திருத்தி மறுபடி எழுதற பயிற்சி. ஊர்ல வருஷக் கடைசியில மூணு மணி நேரப் பரீட்சையை வச்சு மதிப்பெண். இங்க அந்தக் கோர்ஸோட உயிரே டிராப்ட் எழுதித் திருத்தறதுதான். பேர் ஒண்ணு, வேலை வேற. உங்க கணித பேப்பர்கள் அதைவிட நல்லா செல்லுபடியாகியிருக்கணும், தொகையிடல் எங்க படிச்சாலும் தொகையிடல்தான். அதுலயும் விழுந்ததா?

ஒரு காலேஜ் ஏத்துக்கிட்டதை அடுத்தவங்க அப்படியே எடுத்துக்க மாட்டாங்கங்கறது உண்மைதான். மூலப் படிப்பு எங்க நடந்துச்சோ, அந்த டிரான்ஸ்கிரிப்டைத்தான் ஒவ்வொருத்தரும் தனித்தனியா பார்ப்பாங்க.

இரண்டாம் இன்னிங்ஸ்

கணக்குல கால்குலஸ், புள்ளியியல் ரெண்டும் கிடைச்சது மேடம். ரியல் அனாலிசிஸ் எல்லாம் எலெக்டிவ். நர்சிங்குக்கு அது எதுக்கு, புரியுது.

மூணாம் வருஷம்

நான் இப்போதான் மாறி வந்து ஒரு வருஷம் ஆகுது. மேடம் சொன்ன ‘மூல டிரான்ஸ்கிரிப்ட்’ விஷயத்துல நானும் அடிபட்டேன். ஹைஸ்கூல்லயே காலேஜ் கிரெடிட்டுக்காக எழுதற ஏ.பி. தேர்வுல கால்குலஸ் எழுதி 5க்கு 4 வாங்கியிருந்தேன். காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்லயே அது இருக்கேன்னு நினைச்சுட்டேன். யுனிவர்சிட்டி அதைப் பார்க்கவே இல்லை, மதிப்பெண்ணை அந்தத் தேர்வை நடத்தற காலேஜ் போர்டுல இருந்து நேரா அனுப்பணும்னாங்க. அனுப்பினதுக்கு அப்புறம் வேற பிரச்சினை. தைரியம் இல்லாம காலேஜ்ல கால்குலஸ் முதல் கோர்ஸை மறுபடி எடுத்திருந்தேன். ரெண்டும் ஒரே பாடம், ஒரு தடவைதான் கிரெடிட்னு ஒண்ணைக் கழிச்சுட்டாங்க. அது நியாயம்தான், ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த மூணு மாசம் வேற எடுத்திருப்பேன்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. ஒரு மானுடவியல் கோர்ஸ் பொதுக்கல்விக்கு ஏறலன்னு வந்துச்சு. assist.org-ல தேடினா பட்டியல்ல இருக்கு! ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு ஓடினேன். கவுன்டர்ல இருந்த அக்கா அனுமதி ஆரம்பமான தேதியைக் காட்டினாங்க. நான் எடுத்தது வசந்தத்துல, கோர்ஸ் பட்டியலுக்கு வந்தது அதுக்கடுத்த இலையுதிர்ல. அதே டீச்சர், அதே புத்தகம், என்னோட ஜூனியருக்குச் செல்லும், எனக்குச் செல்லாது.

கணக்கு டீச்சர்

தம்பி, அதுக்கு மேல்முறையீடு பண்ணிப் பார்த்தியா? பாடத்திட்டம் மாறவே இல்லைன்னா அனுமதி தேதிக்கு முன்னாடி எடுத்ததுக்கும் கொடுக்கறதுதானே நியாயம்.

மூணாம் வருஷம்

போட்டேன் டீச்சர், கிடைக்கல. பொதுக்கல்விப் பட்டியல்ல தேதிதான் விதின்னு சொல்லிட்டாங்க. மேஜர் கோர்ஸா இருந்தா துறையில இறங்கி வந்திருப்பாங்களாம்.

தாமரை

அவங்க சொன்னது சரிதான், ஆனா நான் டீச்சர் பக்கம். பாடம் ஒண்ணாவே இருக்கும்போது தேதியைக் காட்டிப் பிள்ளையை அனுப்பறது எனக்கு ஒருநாளும் ஒப்பாது. அந்தக் கடிதங்கள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன், மனசு ஒப்பிப் போட்டது இல்லை.

2017ல அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது. 2004ல இருந்து 2009 வரைக்கும் மாறின மாணவர்கள் சராசரியா 43 சதவீத கிரெடிட்டை இழந்ததா அதுல மதிப்பிட்டிருந்தாங்க. அது நாடு முழுக்க, எல்லா வகைக் கல்லூரிக்கும் சேர்த்து. ஒப்பந்தம் போட்டுப் பட்டியல் வச்சிருக்கற கலிபோர்னியாவுல நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. ஆனா வெளி மாநிலக் காலேஜ்ல இருந்து ஒரு டிரான்ஸ்கிரிப்ட் வந்தா, assist.org-ல அது இருக்காது, ஒவ்வொரு கோர்ஸும் கையாலதான் போகணும்.

பே ஏரியா அப்பா

மேடம், டேட்டாபேஸும் லினக்ஸும் மட்டும் பாக்கி. டேட்டாபேஸ்ல பையன் A. ஒரு சின்ன மளிகைக் கடைக்கு இருப்புக் கணக்கு வைக்கிற புரோகிராம் ஒண்ணு கடைசிப் புராஜெக்ட்டா எழுதினான், இன்னும் அந்தக் கடையில ஓடுது. யுனிவர்சிட்டி டேட்டாபேஸ் கோர்ஸோட பாடத்திட்டத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், முக்கால்வாசி ஒண்ணுதான். இதுக்குப் பெட்டிஷன் போடலாமா?

தாமரை

லினக்ஸை விட்டுடுங்க, வருத்தமா இருந்தாலும். வேலைப் பயிற்சிக் கோர்ஸுக்கு சி.எஸ்.யு. யூனிட் கொடுத்ததே உங்க காலேஜ் அதைப் பட்டப்படிப்புத் தரம்னு குறிச்சதாலதான். யு.சி., அதாவது யுனிவர்சிட்டி ஆப் கலிபோர்னியா, தன் பட்டியலைத் தானே பார்த்து முடிவு செய்யும், அங்க அதுக்கு யூனிட்டே கிடைக்காம போயிருக்கலாம். உங்க மேஜர்ல சும்மா எலெக்டிவுக்கு இடம் இல்லைங்கறதால அது தொங்குது.

டேட்டாபேஸ் கதை வேற. அது யுனிவர்சிட்டியில அப்பர் டிவிஷன், மூணாம் நாலாம் வருஷத்துக்கான எண். கம்யூனிட்டி காலேஜ்ல எடுக்கற இந்த மாதிரி கோர்ஸ் லோயர் டிவிஷன்தான், அதாவது முதல் ரெண்டு வருஷத்துக்கானது, பாடம் எவ்வளவு ஒத்துப் போனாலும் அது மாறாது. சி.எஸ்.யு. பட்டம் வாங்கணும்னா 30 யூனிட் அந்த கேம்பஸ்லயே படிச்சிருக்கணும், அதுல 24 அப்பர் டிவிஷனா இருக்கணும். துறைக்கு அந்த எண்ணிக்கை குறையக் கூடாது.

ஆனாலும் பெட்டிஷன் போடுங்க. முழுசாக் கேக்காதீங்க. ‘பாடம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு, அந்த யூனிட்டுக்கு வேறொரு அப்பர் டிவிஷன் கோர்ஸ் எடுக்க அனுமதியுங்கள்’னு கேளுங்க. யூனிட் மிச்சமாகாது, ஆனா தெரிஞ்சதையே மறுபடி படிக்காம புதுசா ஒண்ணு படிக்கலாம். அடுத்த கோர்ஸுக்கு டேட்டாபேஸ் முன்தேவையா இருந்தா ஒரு செமஸ்டர் காத்திருக்கவும் வேண்டாம்.

கூட என்ன வைக்கணும்னா, பையன் படிச்ச அந்தக் குவார்ட்டரோட சிலபஸ், வேற குவார்ட்டரோடது வேண்டாம். வாரவாரியா தலைப்பு இருக்கணும். நிறையப் பேர் கொண்டு வர்றது ரெண்டு பக்கம், அதுல வருகைப்பதிவு விதியும் டீச்சரோட ஆபீஸ் நேரமும்தான் இருக்கும், அதை வச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது. காலேஜ் இணையதளத்துல அந்தக் கோர்ஸோட அதிகாரப்பூர்வ ஆவணம் கிடைக்கும், அதையும் வைங்க. அந்த மளிகைக் கடைப் புராஜெக்ட் அறிக்கையைக் கட்டாயம் வைங்க. நான் பார்த்த பேராசிரியர்கள் சிலபஸைவிட அதைத்தான் நிதானமாப் படிச்சாங்க.

மூணாம் வருஷம்

அங்கிள், சிலபஸ் கையில இல்லைன்னா பையனோட வகுப்பு இணையப் பக்கம் இன்னும் திறக்குதான்னு இன்னைக்கே பாருங்க. எனக்குக் காலேஜை விட்ட கொஞ்ச நாள்ல மூடிட்டாங்க. அப்புறம் பழைய டீச்சருக்கு மெயில் போட்டு மூணு வாரம் காத்திருந்தேன்.

பே ஏரியா அப்பா

(ஏழு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லணும்னு வந்தேன். C-யைக் கோடையில எடுத்தான், ஆறு வாரம், தினமும் வகுப்பு. B+ வந்திருக்கு. புது டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் கால்குலஸ் ரெண்டு பச்சையாச்சு. பட்டியலை நானும் அவனும் ஒண்ணா உட்கார்ந்து பார்த்தோம்.

டேட்டாபேஸ் பெட்டிஷனுக்கு மேடம் சொன்ன மாதிரியேதான் பதில், பாடம் முடிஞ்சதா எடுத்துக்கறோம், யூனிட்டுக்கு வேற அப்பர் டிவிஷன் எடுக்கணும்னு. பைத்தான் விஷயம் தெளிவா இல்லை. சி++ல ஒரு தகுதித் தேர்வு எழுதினா முதல் கோர்ஸை விடலாம்னு ஆலோசகர் ஒருத்தர் சொல்றார், அப்படி ஒரு தேர்வு இப்போ நடத்தறதே இல்லைன்னு இன்னொருத்தர் சொல்றார். துறைத் தலைவருக்கு எழுதியிருக்கோம்.

ஒரு சந்தேகம். D-யையும் பழைய காலேஜ்லயே எடுத்துடலாம்னு பையன் சொல்றான், இலையுதிர்ல இங்கயும் அங்கயுமா ஒரே நேரத்துல. செய்யலாமா?

கணக்கு டீச்சர்

பாடம்னு பார்த்தா செய்யணும். C-யோட வெக்டார் சூடு ஆறாம இருக்கும்போதே D-க்குப் போறது நல்லது. இல்லைன்னா யுனிவர்சிட்டியில கால்குலஸ் மூணு எடுத்தா வெக்டாரை மறுபடி முதல்ல இருந்து படிப்பான்.

தாமரை

டீச்சர் சொல்றது சரி, ஆனா சேர்றதுக்கு முன்னாடி கேம்பஸ்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. சேர்ந்த மாணவன் அதே நேரத்துல வெளிய எடுக்கற கோர்ஸுக்கு முன் அனுமதி கேக்கற இடங்கள் இருக்கு. நிதி உதவி வாங்கறான்னா, எந்தக் காலேஜ் பக்கம் முழு நேர மாணவன்னு கணக்கு வைப்பாங்கன்னும் கேளுங்க. குவார்ட்டர் காலேஜ் இலையுதிர் வகுப்பு செப்டம்பர் கடைசியிலதான் ஆரம்பிக்கும், யுனிவர்சிட்டி ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சிருக்கும், அதனால கேக்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. பதில் மெயிலை அழிக்காம வச்சுக்குங்க.

பே ஏரியா அப்பா

நாளைக்கு காலையிலயே எழுதறோம் மேடம். பதில் வந்ததும் இங்கயே போடறேன்.